எறிபொருள் வினாக்கள்: பாதைப் படமும் நெருங்கிய விடைகளும்

எறிபொருள் வினா என்பது, சாய்வாகவோ கிடையாகவோ எறியப்பட்ட பொருளின் வளைந்த பாதையைப் படமாக வரைந்து, அதிலிருந்து கிடைத்தள நெடுக்கம், பறக்கும் நேரம், பெரும உயரம் ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்கும் கொள்குறி வினா. தமிழ்நாட்டின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் இரண்டாம் அலகான இயக்கவியலில் இந்தப் பகுதி வருகிறது. பள்ளித் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவுக்குத் தவறான விடையைக் குறித்தால் அந்த ஒரு மதிப்பெண் மட்டுமே போகும். கோவையிலும் நாமக்கல்லிலும் ஆண்டுதோறும் மாணவர்கள் எழுதும் நீட் தேர்வில் கணக்கு வேறு. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிவு. 2025 முதல் 180 வினாக்களுக்கு மூன்று மணி நேரம்தான். கால்குலேட்டரும் கிடையாது.

இவ்வகை வினாவில் தவறான மூன்று விடைகள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண்களாக இருப்பதில்லை. மாணவர் எந்த இடத்தில் வழுக்குவார் என்று வினா எழுதுபவருக்குத் தெரியும். அந்த வழுக்கலைக் கடைசிவரை கணக்கிட்டால் வரும் எண்ணையே ஒரு விடையாக வைத்துவிடுகிறார். தப்பான வழியில் போனவருக்கும் தன் விடை பட்டியலில் கண்முன் நிற்கும். அதனால் சந்தேகமே எழாது.

2023 நீட் தேர்வில் வந்த வினா இதற்கு நல்ல சான்று. துப்பாக்கியிலிருந்து ஒரு குண்டு, கிடைத்தளத்துக்கு 30° மேலாக, விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. g = 9.8 என்றும் sin 30° = 0.5 என்றும் கொடுத்து, பெரும உயரம் கேட்டார்கள். விடைகள் 1000, 2000, 2800, 3000 மீட்டர். முதலில் u²/g என்ற பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தால் வேலை எளிதாகிறது. 280-இன் வர்க்கம் 78,400. அதை 9.8-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 8000. 9.8 என்ற மதிப்பைக் கொடுத்ததே இப்படி வகுபடட்டும் என்றுதான். பெரும உயரத்தின் சமன்பாடு இது:

H = u² sin²θ / 2g

8000-இல் பாதி 4000, அதில் கால் பங்கு 1000. விடை 1000 மீட்டர். கீழே உள்ள 2-ஐ மறந்தவருக்கு 2000 கிடைக்கும். சைன் இடத்தில் கொசைன் போட்டவருக்கு 4000-இல் முக்கால் பங்காக 3000 வரும். இரண்டுமே பட்டியலில் இருந்தன.

இங்கேதான் பாதைப் படம் கைகொடுக்கிறது. வினாத்தாளில் படம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் ஒன்றைக் கிறுக்கிக்கொள்ளலாம். உயரத்துக்கும் நெடுக்கத்துக்கும் உள்ள விகிதம் வேகத்தையோ g-ஐயோ சார்ந்ததல்ல, கோணத்தை மட்டுமே சார்ந்தது:

H / R = tan θ / 4

45 டிகிரியில் எறிந்தால் உயரம் நெடுக்கத்தில் சரியாகக் கால் பங்கு. அதற்குக் குறைந்த கோணமென்றால் உயரம் கால் பங்குக்கும் கீழே இருந்தாக வேண்டும். மேற்கண்ட குண்டின் நெடுக்கம் 8000 × 0.866, அதாவது ஏறத்தாழ 6930 மீட்டர். அதில் கால் பங்கு 1730. கோணம் 30 டிகிரிதான் என்பதால் 2000, 2800, 3000 மூன்றும் ஒரே பார்வையில் அடிபட்டுப் போகின்றன. ஆனால் அச்சிட்ட படத்தை அளவுகோல் வைத்து அளந்து விடை சொல்லக் கூடாது. தேர்வுப் படங்கள் பெரும்பாலும் அளவுத்திட்டப்படி வரையப்படுவதில்லை. விகிதத்தைச் சமன்பாட்டிலிருந்து எடுக்க வேண்டும், படத்திலிருந்து அல்ல.

நெடுக்கத்தைக் கேட்கும்போது விடைகள் இன்னும் நெருங்கி வரும். விநாடிக்கு 20 மீட்டர் வேகம், 30° கோணம், g = 10 என்று வைத்துக்கொள்வோம். நெடுக்கம் 34.6 மீட்டர். அதே கணக்கில் பழக்கதோஷத்தால் 9.8 என்று போட்டால் 35.3 மீட்டர் வரும். இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. ஆகவே வினா g-க்கு என்ன மதிப்பைத் தந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பது அவசியம். sin 2θ இருக்க வேண்டிய இடத்தில் sin θ போட்டவருக்கு 20 மீட்டர் கிடைக்கும். உச்சியை அடையும் நேரத்தையே முழுப் பறக்கும் நேரம் என்று எடுத்துக்கொண்டவருக்கு 17.3 மீட்டர், சரியான விடையில் செம்பாதி.

கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது என்பது அடுத்த சிக்கல். 2022 நீட் வினாவில் பந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செங்குத்துத் திசையுடன் 60° கோணத்தில் எறியப்பட்டது. உச்சியில் அதன் வேகம் என்ன என்பது கேள்வி. செங்குத்துடன் 60° என்றால் தரையுடன் 30°. உச்சியில் எஞ்சுவது கிடைத்தளக் கூறு மட்டுமே என்பதால் விடை 5√3. அவசரத்தில் 60 டிகிரியை அப்படியே போட்டவர் 5 என்பதைக் குறித்திருப்பார். நெடுக்கம் கேட்டிருந்தால் இந்தப் பிழை வெளியே தெரிந்திருக்காது, ஏனெனில் ஒரே வேகத்தில் 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நெடுக்கம் ஒன்றுதான். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலின் பயிற்சி வினாக்களில் இதையே கேட்டிருக்கிறார்கள். உயரமும் நேரமும் அப்படிச் சமமாக இருப்பதில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது பாதி வளைவு. சாய்வாக எறிந்த பொருளின் நெடுக்கத்துக்கும் பறக்கும் நேரத்துக்கும் பாடநூல் தரும் சமன்பாடுகள், பொருள் புறப்பட்ட மட்டத்துக்கே திரும்பி வந்து விழும்போதுதான் பொருந்தும். மாடியிலிருந்து எறிந்த கல்லுக்கு அவற்றைப் போட்டால் விடை தப்பும். கொங்குப் பகுதியின் தோட்டங்களில் இந்தப் பாதி வளைவை நேரிலேயே பார்க்கலாம். கிணற்று மோட்டார் ஓடும்போது, கிடையாக நீட்டியிருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் வளைந்து தொட்டியில் விழுகிறது. குழாய் வாய்தான் அந்த வளைவின் உச்சி. எறிகோணம் சுழி. சமன்பாட்டில் சுழியைப் போட்டால் பறக்கும் நேரமும் சுழி, நெடுக்கமும் சுழி என்று வரும், தண்ணீரோ கண்ணெதிரே ஒரு மீட்டர் தள்ளி விழுந்துகொண்டிருக்கும். இப்படி அபத்தமான விடை வந்தாலே சமன்பாடு இடம் மாறி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கே விழும் உயரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். குழாயின் மையத்திலிருந்து தண்ணீர் 1.25 மீட்டர் இறங்குகிறது என்போம். g = 10 என்றால் h = ½ g t² என்பதிலிருந்து நேரம் 0.5 விநாடி. அதற்குள் தண்ணீர் கிடையாக ஒரு மீட்டர் போயிருந்தால், குழாயை விட்டு வெளியேறும் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்றால் விநாடிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வருகிறது. பம்பு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்பதைக் களத்தில் மதிப்பிட இந்த முறையை உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். குழாய் மட்டமாக இருக்க வேண்டும், வாய் நிறையத் தண்ணீர் வர வேண்டும். குழாய் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் தண்ணீர் கூடுதல் நேரம் காற்றில் நிற்கும், கணக்கு உண்மையைவிட அதிகமாகக் காட்டிவிடும்.

தேர்வு வினாக்கள் காற்றின் தடையைக் கணக்கில் எடுப்பதில்லை. விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் புறப்படும் உண்மையான துப்பாக்கிக் குண்டு, காற்று இழுப்பதால், ஆயிரம் மீட்டர் உயரத்தை எட்டாது. தெளிப்பு நீர்ப்பாசனக் கருவிகளின் முனையை 45 டிகிரிக்குக் குறைவான சாய்வில் அமைப்பதற்கும் காற்று ஒரு காரணம். மேலே எழும்பிய நீர்த்துளியைக் காற்று எளிதில் அடித்துக்கொண்டு போய்விடும். வினாத்தாளில் 45° என்பது பெரும நெடுக்கத்துக்கான கோணம், அதுவும் எறிந்த மட்டத்திலேயே பொருள் விழும்போது மட்டும். மாடியின் உச்சியிலிருந்து எறிந்தால் மிகத் தொலைவில் விழச் செய்யும் கோணம் 45 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுகிறது.