பெரிய கோயில் விமானத்துத் தொப்பிக்காரர்: ஒரு கிராப் மீமின் வரலாறு

ஒரு முழுப் புகைப்படத்தை முதலில் காட்டி, அடுத்து அதன் ஒரு மூலையைப் பெரிதாக்கி, பிறகு அதையும் பெரிதாக்கி, யாரும் கவனிக்காத ஒரு சிறு பொருளையே நகைச்சுவையாக்குவது கிராப் மீம் எனப்படும். திருமணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் வாய் நிறையச் சோற்றோடு இருப்பவரே இதில் கதாநாயகர். தஞ்சாவூர் பெரிய கோயிலின் விமானத்தில் உள்ள தொப்பி அணிந்த ஓர் உருவம் இத்தகைய படங்களில் பல ஆண்டுகளாக வலம் வருகிறது. ஒரு கிராப் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை அந்த உருவத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பெரிதாக்கும் பழக்கம்

படத்தைப் பெரிதாக்கினால் புதிய உண்மை கிடைக்கும் என்ற எண்ணத்தைத் திரைப்படங்கள் வளர்த்தன. அன்டோனியோனி இயக்கிய ‘ப்ளோ-அப்’ (1966) படத்தில், பூங்காவில் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கும் ஒருவர் அதில் ஒரு கொலையின் தடயத்தைக் காண்கிறார். ஆனால் மேலும் பெரிதாக்கும்போது வெறும் புள்ளிகளே மிஞ்சுகின்றன. ‘பிளேட் ரன்னர்’ (1982) படத்தில் வரும் இயந்திரமோ ஒரே புகைப்படத்துக்குள் மேலும் மேலும் நுழைந்து தெளிவான உருவத்தைத் தருகிறது. இரண்டாவது வகைக் காட்சியே பின்னர் துப்பறியும் தொடர்களில் பெருகியது. அதைக் கிண்டல் செய்யும் விதமாகவே இணையத்தில் ‘ஜூம் பண்ணிப் பார்’ வகை மீம்கள் உருவாயின.

தொப்பிக்கார உருவம்

முதலாம் இராசராசன் கட்டிய பெரிய கோயிலின் விமானம் சுமார் 66 மீட்டர் உயரமுடையது. தன் 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010இல், அதன் உச்சிக்கு அவன் செப்புக் கலசம் அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. விமானத்தின் வடக்கு முகத்தில், அடுக்கடுக்கான தெய்வ உருவங்களுக்கிடையே, ஐரோப்பியரைப் போலத் தொப்பி அணிந்த ஓர் உருவம் எட்டிப் பார்க்கிறது.

கீழே நின்று பார்ப்பவருக்கு அது எளிதில் தென்படாது. கைப்பேசிக் கேமரா வருவதற்கு முன்பு, வழிகாட்டியின் சுட்டுவிரலே கிராப் செய்யும் வேலையைச் செய்தது. “அதோ பாருங்க, வெள்ளைக்காரர்” என்று அவர் காட்டுவார். வெள்ளையர் ஆட்சி வரும் என்பதைச் சோழ மன்னன் முன்பே அறிந்திருந்தான் என்ற கதையும் கூடவே வரும். இன்றைய மீமில் விரலுக்குப் பதில் சிவப்பு வட்டமும், கதைக்குப் பதில் இரண்டு வரி வசனமும் உள்ளன.

படத்துக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கைப்பேசிப் படத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 மெகாபிக்சல் கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் படத்தின் உயரம் சுமார் 4000 பிக்சல்கள். அதில் விமானம் 3600 பிக்சல்களை நிறைத்தால், ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 55 பிக்சல்கள் கிடைக்கும். மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள ஒரு முகம் அப்படத்தில் 18 பிக்சல்களே இருக்கும்.

இப்படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் அனுப்பினால், அதன் நீளமான பக்கம் சுமார் 1600 பிக்சல்களாகக் குறையும். முகம் இப்போது 7 பிக்சல்கள். ஜேபெக் முறை ஒரு படத்தை 8 பிக்சல் அகலமும் 8 பிக்சல் உயரமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்தே சுருக்குகிறது. ஆகவே முழு முகமும் ஏறக்குறைய ஒரு கட்டத்தின் அளவே இருக்கும். அதைத் திரை அளவுக்கு இழுத்தால் செயலி பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கொண்டு இடைவெளியை நிரப்பும். மூக்கு, மீசை என்று நாம் காண்பதில் பெரும்பகுதி அந்த நிரப்பல்தான்.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. உருவத்தின் விளிம்பில் சதுரக் கட்டங்கள் தெரிந்தாலோ, அருகிலுள்ள கல்லின் சொரசொரப்பு மறைந்து மெழுகியது போல் இருந்தாலோ, அது சுருக்கிய படத்திலிருந்து வெட்டியது. தொலைநோக்கு லென்ஸால் நேரடியாக எடுத்த படத்தில் கல்லின் துளைகளும் காரைப் பூச்சின் விரிசல்களும் தெரியும்.

கிராப் மறைக்கும் காலம்

விமானத்தில் தொப்பி உண்மையிலேயே உள்ளது. எனவே தெளிவான படம் கிடைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. கிராப் வெட்டி எறிவது, அந்த உருவத்தைச் சுற்றியுள்ள கட்டடத்தின் வயதுகளை. பெரிய கோயில் 1010உடன் முடிந்துவிட்ட கட்டடம் அன்று. கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். முருகன் சன்னதி நாயக்கர் காலத்தது. மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி 1803இல் தம் குல வரலாற்றை இக்கோயில் சுவரிலேயே வெட்டுவித்தார்.

தொப்பிக்கார உருவமும் இவ்வாறு பின்னர் சேர்ந்ததே என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 1620இல் இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் அவர்களுக்கு இடமளித்தார். இதனால் அவ்வுருவம் ஒரு டேனிஷ்காரருடையது என்று சொல்வோர் பலர். அது எவராயினும், ஐரோப்பியத் தொப்பியைத் தஞ்சை மக்கள் பார்த்துப் பழகிய காலம் அது. தீர்க்கதரிசனம் இல்லாமலே உருவத்தை விளக்க முடிகிறது.

உறையூர் மிதிவண்டி

காவிரிக் கரையில் சற்று மேற்கே, திருச்சி உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலிலும் இதே கதை நடந்தது. அங்கு ஒரு தூணில் மிதிவண்டி ஓட்டும் மனிதர் செதுக்கப்பட்டுள்ளார். அதை மட்டும் வெட்டியெடுத்த படம், 2000 ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் மிதிவண்டி ஓட்டினர் என்ற செய்தியுடன் 2018ஆம் ஆண்டளவில் பரவியது. சங்கிலியால் பின் சக்கரத்தைச் சுழற்றும் இன்றைய வடிவ மிதிவண்டி 1885இல்தான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அக்கோயில் 1920களில் புதுப்பிக்கப்பட்டதையும், அப்போது புதுமையாகத் தெரிந்த வண்டியைச் சிற்பி தூணில் வடித்ததையும் வரலாற்றாய்வாளர் இரா. கலைக்கோவன் சுட்டிக்காட்டினார்.

ஸ்பெயினின் சலமான்கா பேராலயத்து வாசலில் ஒரு விண்வெளி வீரர் சிற்பம் உண்டு. அது 1992ஆம் ஆண்டுச் சீரமைப்பில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. அதுவும் தனியே வெட்டப்பட்டால் பழங்கால அதிசயமாகிவிடுகிறது.

முழுப்படத்துக்குத் திரும்புதல்

திருமணப் படத்தின் கிராப்பில் சிரிப்பு முழுப்படத்தை நம்பியிருக்கிறது. மணமக்கள் தெரிந்தால்தான் பின்னால் உண்பவர் நகைச்சுவை ஆவார். கோயில் மீமில் முதல் படம் கழன்று கடைசிக் கிராப் மட்டும் தனியே பயணிக்கும்போது, சிரிப்பு சான்றாக மாறுகிறது. அப்படி ஒரு படம் வந்தால், அதே கோயிலின் முழுப் படத்தில் அவ்விடத்தைத் தேடி, அந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது, எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். உறையூர்த் தூணின் வயது அப்படித்தான் தெரியவந்தது. அதனால் சிற்பியின் குறும்பு குறைந்துவிடவில்லை. தன் தெருவில் புதிதாக ஓடிய வண்டியைத் தெய்வங்கள் நடுவே வைத்துச் சிரித்த ஒருவரை நூறு ஆண்டுகள் கழித்து நாம் கண்டுகொள்கிறோம்.