அசையாத கால்களும் திரும்பாத ரத்தமும்: சிரை வால்வு பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

2023 ஜூன் 10 அன்று லண்டனில் அரச அணிவகுப்பின் ஒத்திகை நடந்தது. வெயில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. கனத்த கம்பளிச் சீருடையும் கரடித்தோல் தொப்பியும் அணிந்து அசையாமல் நின்ற காவல்படையினரில் குறைந்தது மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். அவர்கள் நோயாளிகள் அல்லர். கடும் பயிற்சி பெற்ற இளைஞர்கள். அதே உடையில் அதே வெயிலில் அவர்களால் வெகுதூரம் நடக்க முடியும். நிற்கத்தான் முடியவில்லை.

நம் பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் இதே காட்சியைக் காண்கிறோம். சாப்பிடாமல் வந்ததுதான் காரணம் என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஓர் உடலியல் கேள்வி அங்கே மிஞ்சுகிறது. கால் சிரைகளில், ரத்தத்தைக் கீழே இறங்கவிடாத வால்வுகள் இருக்கின்றன. அப்படியிருக்க, நிற்பவரின் ரத்தம் ஏன் காலில் தேங்குகிறது? வால்வைக் கண்டறிந்து, அதன் வேலை இன்னதென்று முழுமையாக விளங்கிக்கொள்ள மருத்துவ உலகுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த வரலாற்றைத் தொடர்ந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. பாதுவா முதல் லண்டன் வரை: வால்வின் திசை

இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த ஃபாப்ரிசியஸ், சிரை வால்வுகளை விரிவாகப் படம் வரைந்து 1603-இல் தனி நூலாக வெளியிட்டார். கை கால்களில் அவை நிறைய இருப்பதை அவர் சரியாகவே கவனித்தார். ஆனால் ரத்தம் கல்லீரலில் உருவாகிச் சிரைகளின் வழியாக உறுப்புகளுக்குப் போகிறது என்பது அக்காலத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குள் நின்று பார்த்ததால், கீழே பாயும் ரத்தம் ஒரேயடியாகக் கைகால்களில் போய்ச் சேர்ந்துவிடாதபடி வேகத்தைக் குறைக்கும் தடுப்புகள் என்று அவற்றுக்கு விளக்கம் தந்தார்.

அவரிடம் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, 1628-இல் வெளியிட்ட நூலில் இந்த விளக்கத்தை உடைத்தார். அவர் காட்டிய சோதனையை இன்றும் யாரும் செய்து பார்க்கலாம். முழங்கைக்கு மேல் ஒரு துணியை மிதமாக இறுக்கிக் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைத்து நிற்கும். அவற்றில் ஆங்காங்கே சிறு முடிச்சு போன்ற மேடுகள் தெரியும். வால்வு இருக்கும் இடங்கள் அவை. ஒரு மேட்டுக்குக் கீழே சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி, அந்த மேட்டைத் தாண்டும்வரை வழித்துவிட வேண்டும். விரலுக்கும் மேட்டுக்கும் இடையிலுள்ள சிரைத் துண்டு வெறுமையாகித் தட்டையாகும். மேலே ரத்தம் நிறைந்திருந்தாலும் அது வால்வைத் தாண்டி இறங்காது. கீழே அழுத்தியிருந்த விரலை எடுத்ததும் அந்தத் துண்டு கீழிருந்து நிரம்பும்.

ஃபாப்ரிசியஸின் விளக்கத்துக்கு எதிராக ஹார்வி இன்னொரு சான்றையும் வைத்தார். கழுத்துச் சிரைகளின் வால்வுகள் கீழ்நோக்கித் திறக்கின்றன. கீழே விழும் ரத்தத்தைத் தாங்குவதுதான் வால்வின் வேலை என்றால் அவை தலைகீழாக அமைந்திருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் இதயத்தை நோக்கியே திறக்கின்றன என்பதே அவற்றின் பொது விதி. கைகால்களின் அசைவும் தசைகளின் அழுத்தமும் ரத்தத்தை இதயம் நோக்கித் தள்ளும் என்பதையும் ஹார்வி போகிற போக்கில் குறிப்பிட்டார். அவருடைய நோக்கம் ரத்தச் சுற்றோட்டத்தை நிறுவுவது. ஆகவே தள்ளும் விசை எவ்வளவு என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

2. மூச்சின் பங்கு

அடுத்த பெரிய முயற்சி 1820-களில் பாரிஸில் நடந்தது. டேவிட் பாரி என்ற மருத்துவர் ஒரு குதிரையின் கழுத்துச் சிரைக்குள் குழாயைச் செருகி, அதன் மறுமுனையை நிறமேற்றிய திரவத்தில் வைத்தார். குதிரை மூச்சை இழுக்கும்போதெல்லாம் திரவம் குழாயில் ஏறியது. மூச்சை விடும்போது நின்றது அல்லது இறங்கியது. நெஞ்சறை விரியும்போது அதனுள் அழுத்தம் குறைகிறது. அதனால் ரத்தம் உள்ளே இழுக்கப்படுகிறது என்று பாரி முடிவு கட்டினார்.

முடிவு சரி, ஆனால் சிரைகளில் ரத்தம் ஓட இதுவே தலையாய காரணம் என்று அவர் சொன்னது மிகை. சிரையின் சுவர் மென்மையானது. உறிஞ்சும் விசை ஓர் எல்லையைத் தாண்டினால், நெஞ்சறைக்குள் நுழையும் இடத்திலேயே சிரை ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு உறிஞ்சினாலும் ஓட்டம் கூடாது. ஆழ்ந்த மூச்சின் பலன் நெஞ்சோடு நிற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உதரவிதானம் கீழிறங்கும்போது வயிற்றறையில் அழுத்தம் கூடி, அங்குள்ள பெருஞ்சிரையை நெருக்குகிறது. அந்த ரத்தம் காலுக்குள் இறங்காதபடி தொடைச் சிரையின் வால்வுகள் மூடிக்கொள்ள, அது நெஞ்சை நோக்கிப் போகிறது. மூச்சை அடக்கி முக்கினால் இதற்கு நேர்மாறாக நெஞ்சறையின் அழுத்தம் ஏறி, இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்துவிடும். விறைப்பாக நிற்கச் சொன்னதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இதனால்தான் கெடுதலாகிறது.

3. கணுக்காலில் அளந்த அழுத்தம்

தசையின் பங்கை எண்களில் காட்டியது இருபதாம் நூற்றாண்டு. 1936-இல் பீச்சர், ஃபீல்ட், க்ரோக் ஆகிய மூவரும், 1949-இல் அமெரிக்காவில் பொல்லாக், வுட் ஆகிய இருவரும், நடப்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள்.

ஒருவரின் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடையே 120 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரமுள்ள ரத்தத்தின் எடை கணுக்காலில் தரும் அழுத்தம் சுமார் 93 மில்லிமீட்டர் பாதரசம். அசையாமல் நிற்பவர்களிடம் ஏறத்தாழ இந்த அளவே பதிவாயிற்று. அதாவது, இதயத்திலிருந்து கணுக்கால் வரை ரத்தம் இடையறாத ஒரே தூணாக நிற்கிறது. நடுவில் எந்த வால்வும் மூடியிருக்கவில்லை. நடக்கத் தொடங்கிய சில அடிகளிலேயே அழுத்தம் சரிந்து 20-களுக்கு வந்தது. நடை நின்றதும் அது மீண்டும் ஏறிப் பழைய அளவை எட்டியது.

முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. அடிபம்பின் வால்வு தானாகத் தண்ணீரை ஏற்றுவதில்லை. பிடியை அடித்தால்தான் ஏறும். அதுபோலக் கால் சிரையின் வால்வும் தசை இயங்கினால்தான் பயன் தரும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது அதனுள் இருக்கும் ஆழ்சிரைகள் நசுங்கி, தங்களிடம் உள்ள ரத்தத்தில் பாதிக்கும் மேல் மேலே தள்ளுகின்றன. தசை தளர்ந்ததும் மேல் வால்வு மூடி, தள்ளிய ரத்தத்தைத் திரும்பவிடாமல் தடுக்கிறது. வெறுமையான சிரைக்குள் கீழிருந்தும் தோலடிச் சிரைகளிலிருந்தும் ரத்தம் வருகிறது. அசையாமல் நின்றால் தமனி வழியே வரும் ரத்தம் சிரைகளைக் கீழிருந்து நிரப்பிக்கொண்டே போகும். ஒவ்வொரு வால்வும் திறந்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் தூண் முழுமையாகிவிடும். அப்போதும் ஓட்டம் நின்றுபோவதில்லை. ஆனால் சிரைகள் விரிந்து அதிக ரத்தத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன.

4. தேக்கத்திலிருந்து மயக்கம் வரை

படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல், சிலரிடம் முக்கால் லிட்டர் வரை ரத்தம் நெஞ்சிலிருந்து வயிறு, தொடை, கால்களுக்கு இறங்குகிறது. இதயம் தனக்கு வருவதைத்தான் வெளியே அனுப்ப முடியும். ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைகிறது. நாடி விரைந்து, தமனிகள் இறுகி, ரத்த அழுத்தம் காப்பாற்றப்படுகிறது. இந்த ஈடுகட்டல் பலருக்கு மணிக்கணக்கில் தாங்கும்.

அசையாத நிற்பில் இரண்டாவது இழப்பும் தொடங்குகிறது. கால் நுண்குழல்களில் உயர்ந்த அழுத்தம் ரத்தத்தின் நீர்ப்பகுதியைத் திசுக்களுக்குள் கசியவிடுகிறது. 1928-இல் தாம்ப்சனும் அவருடைய கூட்டாளிகளும் அசையாமல் நின்றவர்களை ஆராய்ந்தபோது, இந்த நீர்ப்பகுதி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெயிலானால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து மேலும் ரத்தத்தைப் பிடித்துவைக்கின்றன. வியர்வை நீரைக் குறைக்கிறது. லண்டன் காவலரிடம் இவை அத்தனையும் ஒன்றுசேர்ந்தன.

இருந்தாலும் தேக்கம் மட்டுமே மயக்கத்தை விளக்கிவிடாது. அழுத்தம் படிப்படியாகக் குறைவதில்லை. ஒரு கட்டத்தில் சட்டென்று சரிகிறது. 1932-இல் தாமஸ் லூயிஸ் இதை ஆராய்ந்தார். மயக்கத்தின்போது நாடி மந்தமாவதை அட்ரோபின் மருந்தால் அவர் சரிசெய்த பிறகும் அழுத்தம் தாழ்ந்தே இருந்தது. ஆக, இதயம் மெதுவாவது முதன்மைக் காரணம் அல்ல. 1944-இல் பார்க்ராஃப்ட், எட்ஹோம் முதலியோர் தன்னார்வலர்களின் ரத்தத்தை எடுத்து மயக்கத்தை வரவழைத்து அளந்தார்கள். மயங்கும் தருணத்தில் அழுத்தம் வீழ்ந்தபோதும் முன்கைத் தசைகளுக்குப் போகும் ரத்தம் கூடியது. அதுவரை இறுகிநின்ற தசைக் குழாய்கள் திடீரெனத் தளர்ந்துவிட்டன என்பதே இதன் பொருள். திரும்பும் ரத்தம் குறைவது களத்தை அமைக்கிறது; குழாய்களை இறுக்கிவைத்த நரம்புக் கட்டளை கைவிடப்படுவது ஆளை வீழ்த்துகிறது.

தலை இதயத்துக்கு மேலே சுமார் 30 சென்டிமீட்டரில் இருப்பதால், அங்குள்ள அழுத்தம் ஏற்கெனவே 23 மில்லிமீட்டர் குறைவு. இதய மட்டத்தில் சராசரி 50-க்கு இறங்கினால் மூளைக்குக் கிடைப்பது 27 மட்டுமே. இதற்குச் சற்று முன் கொட்டாவி, முகம் வெளிறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், கண் இருட்டல், ஒலி தூரத்தில் கேட்பது ஆகிய அறிகுறிகள் பெரும்பாலும் வந்துவிடும். பிறகு சில நொடிகளில் நினைவு தப்பும். தரையில் கிடத்தியதும் காலின் ரத்தம் தானாக இதயத்தை அடைவதால் நினைவு விரைவில் திரும்புகிறது. மயங்கியவரைத் தாங்கிப் பிடித்து நிமிர்த்தியே வைப்பது இந்தத் தீர்வைத் தடுக்கிறது, அது ஆபத்து.

5. அறிவு நடைமுறையானது

இந்த விளக்கம் சரியானால், நிற்கும் இடத்திலேயே தசையை இறுக்குவது மயக்கத்தைத் தடுக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2002-இல், மயக்கம் நெருங்கும் நேரத்தில் கால்களைக் குறுக்காக வைத்துத் தொடை, பிட்டம், வயிற்றுத் தசைகளை இறுக்கச் செய்து, சரிந்த அழுத்தம் மீண்டும் ஏறுவதைக் காட்டினார்கள். 2006-இல் 223 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மயக்கம் மீண்டும் வந்தது. இப்பயிற்சியையும் சேர்த்துக் கற்றவர்களில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பயன் உண்டு, முழுப் பாதுகாப்பு இல்லை. அறிகுறி தோன்றாமல் விழுபவருக்கு இறுக்க நேரம் கிடைப்பதில்லை.

ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ வரும் மயக்கத்தையும், நெஞ்சுவலியோ படபடப்போ முன்வரும் மயக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே கால் சிரை காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இதயத்தைப் பரிசோதித்தாக வேண்டும்.

முடிவுரை

ஃபாப்ரிசியஸ் வால்வைத் தடுப்பாகக் கண்டார். ஹார்வி அதன் திசையைக் கண்டார். கணுக்காலில் அழுத்தத்தை அளந்தவர்கள் அது இயக்கத்தை நம்பியிருப்பதைக் கண்டார்கள். வால்வு இருப்பதாலேயே ரத்தம் மேலே ஏறிவிடும் என்ற எண்ணம் இன்னும் பாடநூல் வாசகங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அணிவகுப்பிலும் பள்ளி மைதானத்திலும் நீண்ட நேரம் அசையாமல் நிற்கச் சொல்பவர்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை குதிகாலை உயர்த்தித் தாழ்த்தவும், இயல்பாக மூச்சு விடவும், கண் இருட்டினால் கூச்சமின்றி உட்காரவும் அனுமதிக்க வேண்டும். ஒழுங்குக்கு அதனால் குறை வராது. அசைவை மறுப்பது, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் தசை, மூச்சு என்ற இரண்டு பம்புகளில் வலியதான தசையை நிறுத்திவைப்பதாகும்.