பர்ன்அப், பர்ன்டவுன் வரைபடங்கள்

மென்பொருள் வெளியீட்டின் முன்னேற்றத்தைக் காட்டும் இரு வரைபடங்கள். பர்ன்டவுனில் மீதமுள்ள வேலைக்கு ஒரே கோடு, அது கீழிறங்கும். பர்ன்அப்பில் முடிந்த வேலைக்கு ஒரு கோடு, மொத்த வேலைக்கு இன்னொன்று.

100 புள்ளி வேலையில் 3 ஸ்பிரிண்டுகளில் 60 முடிந்துவிட்டது என்று கொள்வோம். நான்காவதில் குழு 20 புள்ளிகளை முடிக்கிறது. அதற்குள் வாடிக்கையாளர் 20 புள்ளிக்குப் புதிய வேலை சேர்த்துவிடுகிறார். பர்ன்டவுன் 40-லேயே நிற்கும். உழைத்த குழு சும்மா இருந்ததுபோலத் தெரியும். இது பெரிய அநீதி. பர்ன்அப்பிலோ முடிந்த கோடு 80-க்கும் மொத்தக் கோடு 120-க்கும் ஏறும். வேகம் குறையவில்லை, இலக்குதான் நகர்ந்தது என்பது பார்த்ததும் புரியும்.

வேலை அதிகம் மாறாத ஒரு ஸ்பிரிண்டுக்குள் பர்ன்டவுனே போதும். பர்ன்அப்பில், பழைய வேலையின் மதிப்பீட்டைக் கூட்டினாலும் மொத்தக் கோடு உயரும் என்பதால், ஒவ்வொரு ஏற்றத்தின் காரணத்தையும் வரைபடத்திலேயே குறிக்க வேண்டும்.