கனவுக் குறியின் பொதுப்பொருளும் தனிப்பொருளும்

கனவிற் காணும் காட்சி ஒவ்வொன்றற்கும் யாவர்க்கும் ஒத்ததொரு பொருளை வரையறுத்துக் கூறுவது கனவு நூல்களின் இயல்பு. அப்பொருள் கண்டார் அனைவர்க்கும் பொருந்துமோ என்னும் வினா மிகப் பழையது. கி. பி. 2ஆம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிடோரசு என்பார் கிரேக்க மொழியில் ஐந்து பகுதிகளாக ஒரு கனவு நூல் இயற்றினார். அந்நூல் இவ்வினாவிற்கு அளிக்கும் விடையை ஈண்டு ஆராய்வோம்.

அந்நூலின் முற்பகுதிகள் அகராதி போல அமைந்தவை. உடலுறுப்பு, தொழில், விலங்கு, தெய்வம் எனக் காட்சிகளை வகுத்து, அவற்றின் பொருளை அவை கூறிச் செல்லும். ஆயினும், கனவு கண்டான் யாவன், அவன் தொழில், பிறப்பு, செல்வம், உடல்நிலை, அகவை யாவை என்பவற்றை அறிந்த பின்னரே பலன் கூறுதல் வேண்டும் என்பது ஆசிரியர் வற்புறுத்தும் விதியாகும்.

தம் மகனுக்கென எழுதிய நான்காம் பகுதியில் அவர் காட்டும் சான்று ஒன்று இவ்விதியைத் தெளிவாக்கும். ஒருவன் தனக்கு மூக்கு இல்லாததாகக் கனவு கண்டான். அப்பொழுது அவன் நறுமணப் பொருள் விற்பவன். தன் கடையை இழந்து அத்தொழிலையும் விட்டான். மணம் அறியும் உறுப்பு அவன் பிழைப்பிற்கு அடையாளமாயிற்று. தொழில் நீங்கிய பின் அவன் அதே கனவை மீண்டும் கண்டான். பொய்க் கையொப்பமிட்ட குற்றத்தில் அகப்பட்டு நாட்டைவிட்டு ஓடினான். முகமே ஒருவன் மானத்தின் உருவம் என்பதும், முகத்தில் ஓர் உறுப்புக் குறைதல் மானக்கேடு என்பதும் இதற்கு அவர் கூறும் விளக்கம். மூன்றாம் முறை கண்டபொழுது அவன் நோயுற்றிருந்தான், விரைவில் இறந்தான். இறந்தார் மண்டையோட்டில் மூக்கு இல்லை அன்றோ!

கண்டவனும் ஒருவனே, காட்சியும் ஒன்றே, பொருளோ மூன்று. எனவே கனவின் பொருள் காட்சியில் மட்டுமன்றி, கண்டவன் அன்று நின்ற நிலையிலும் தங்கியிருந்தது என்பது பெறப்படும். எனினும் இதனை இக்கால உளவியல் கூறும் தனிப்பொருளாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வணிகன் மூக்கைப்பற்றி என் நினைத்தான் என்பதை ஆர்ட்டெமிடோரசு வினவவில்லை. கண்டவன் நிலையை அறிந்து, ஒப்புமை கண்டு பொருள் உரைப்பவர் கனவு நூலாரே. மேலும், மூன்று விளக்கங்களும் நிகழ்ச்சி முடிந்தபின் கூறப்பட்டவை; ஆதலின் அவை பலனை முன்னுரைக்கும் ஆற்றலுக்குச் சான்றாகா.

பிராய்டு இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தார். தம் கனவு நூலின் 1914ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்த்த அடிக்குறிப்பில், ஆர்ட்டெமிடோரசு பொருள் உரைப்பவர் மனத்தில் எழுவதைக் கொண்டார் என்றும், தாம் கனவு கண்டவர் மனத்தில் எழுவதையே கொள்வதாகவும் விளக்கினார். ஆனால் அதே பதிப்பிற்றான், பலர்க்கும் பொதுவான குறியீடுகளைப் பற்றிய பகுதி ஒரு தனிப் பிரிவாக வளர்ந்தது. கண்டவர்க்கு நினைவு எதுவும் எழாதவிடத்துப் பொதுப்பொருளை நாடவேண்டிய தேவை அவருக்கும் நேர்ந்தது.

ஆகவே தனிப்பொருள் என்னும் சொல் இருவரிடத்தும் ஒன்றையே குறிப்பதன்று. பண்டை ஆசிரியர்க்கு அது கண்டவன் வாழ்நிலை. பிராய்டுக்கு அவன் நினைவுத்தொடர். இவ்விரண்டையும் வேறு பிரித்து உணராதார், பழைய நூலில் புதிய கொள்கையை ஏற்றிக் கூறுவோராவர்.