தேய்மானம்: நேர்கோட்டு முறையும் குறைந்துசெல் மதிப்பு முறையும்

தேய்மானம் என்பது பல ஆண்டுகள் உழைக்கும் ஒரு பொருளின் அடக்க விலையை, அது உழைக்கும் ஆண்டுகளுக்குச் செலவாகப் பிரித்து எழுதும் கணக்கு. எழுதியது போக ஏட்டில் மிஞ்சுவது ஏட்டு மதிப்பு. பிரிக்கும் வழிகளில் இரண்டு பெருவழக்கில் உள்ளன. ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிப்பது நேர்கோட்டு முறை. பழைய பாடநூல்களில் இதற்கு நிலைத் தவணை முறை என்றும் பெயர் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் மிஞ்சியிருக்கும் மதிப்பில் ஒரே விழுக்காட்டைக் கழிப்பது குறைந்துசெல் மதிப்பு முறை. இந்தியாவில் ஒரே பொருளுக்கு இரண்டு கணக்கும் ஒருசேர ஓடுவது உண்டு. கம்பெனி தன் ஏட்டில் நேர்கோட்டு முறையைப் பின்பற்றலாம். வருமான வரிக்கோ பொதுவாகக் குறைந்துசெல் முறைதான். மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு மட்டும் வரியிலும் நேர்கோட்டைத் தேர்ந்தெடுக்க இடமுண்டு.

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் ஒருவர் வாடகைக்கு ஓட்ட ஒரு லாரி வாங்குவதாகக் கொள்வோம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றலாம். கல்வராயன் மலையின் மரவள்ளிக் கிழங்கை ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறக்கலாம். சேசிஸ் விலை, பாடி கட்டிய கூலி, பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்ததே அடக்க விலை. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் காப்பீடு இதில் சேராது. அது அந்தந்த ஆண்டின் செலவு. நம் லாரியின் அடக்க விலை ரூ. 20,00,000 என்றும், அது ஏப்ரல் முதல் நாளில் ஓடத் தொடங்கியது என்றும் வைத்துக்கொள்வோம்.

நேர்கோட்டுக் கணக்குக்கு இன்னும் இரண்டு எண்கள் வேண்டும்: பயன்படும் ஆயுள், ஆயுள் முடிவில் கிடைக்கும் எறிமதிப்பு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வாடகைக்கு ஓடும் லாரிக்கு 6 ஆண்டு ஆயுள் தருகிறது. எறிமதிப்பு பொதுவாக அடக்க விலையில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. அப்படியானால் எறிமதிப்பு ரூ. 1,00,000. மீதி 19,00,000 ரூபாயை ஆறால் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம் ரூ. 3,16,667. நான்கு ஆண்டுகளில் ரூ. 12,66,667 கழிந்து, ஏட்டு மதிப்பு ரூ. 7,33,333 ஆகிறது. ஆறாம் ஆண்டு முடிவில் சரியாக ஒரு லட்சம் நிற்கும்.

வருமான வரியில் வாடகை லாரிக்கு 30 விழுக்காடு. இங்கே எறிமதிப்பை முதலில் கழிப்பதில்லை. முழு அடக்க விலையிலிருந்தே தொடங்க வேண்டும். முதல் ஆண்டுத் தேய்மானம் ரூ. 6,00,000, மிஞ்சுவது ரூ. 14,00,000. இரண்டாம் ஆண்டில் அந்தப் பதினான்கு லட்சத்தில் 30 விழுக்காடு, அதாவது ரூ. 4,20,000 போக ரூ. 9,80,000. மூன்றாம் ஆண்டு முடிவில் ரூ. 6,86,000, நான்காம் ஆண்டு முடிவில் ரூ. 4,80,200. ஒவ்வோர் ஆண்டாகப் போகாமல் நேரே கணக்கிட இந்த வாய்பாடு போதும்:

```
நேர்கோடு:   ஏட்டு மதிப்பு = C − n × (C − S) / L
குறைந்துசெல்: ஏட்டு மதிப்பு = C × (1 − r)^n
```

C அடக்க விலை, S எறிமதிப்பு, L ஆயுள், n கழிந்த ஆண்டுகள், r விழுக்காட்டின் தசம வடிவம். நம் லாரிக்கு 20,00,000 × 0.7 × 0.7 × 0.7 × 0.7 = 4,80,200.

ஆக, அதே லாரிக்கு நான்கு ஆண்டு கழித்து இரண்டு ஏடுகளில் ரூ. 2,53,133 வேறுபாடு. குறைந்துசெல் முறை தொடக்கத்தில் அதிகம் கழித்துவிட்டு பிறகு தளர்கிறது, மூன்றாம் ஆண்டிலேயே அதன் தேய்மானம் (ரூ. 2,94,000) நேர்கோட்டுத் தொகைக்குக் கீழே வந்துவிடுகிறது. புது லாரிக்குப் பழுதுச் செலவு குறைவு, பழைய லாரிக்கு அதிகம் என்பதால், தேய்மானமும் பழுதும் சேர்ந்த சுமை ஆண்டுதோறும் ஏறக்குறைய சமமாகும் என்பது இந்த முறைக்குச் சொல்லப்படும் நியாயம். லாரியைப் பொறுத்தவரை நேர்கோட்டைவிட இதுவே உண்மைக்கு நெருக்கம். ஆனால் இதில் மதிப்பு ஒருபோதும் பூஜ்யமாவதில்லை. ஆறாம் ஆண்டு முடிவிலும் ரூ. 2,35,298 நிற்கும். ஆறே ஆண்டில் ஒரு லட்சத்துக்கு இறக்க வேண்டுமென்றால் விழுக்காடு 39.30 ஆக இருக்க வேண்டும். எறிமதிப்பை அடக்க விலையால் வகுத்து, ஆறாம் மூலம் எடுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் இந்த எண் வரும்.

விழுக்காட்டைச் சட்டம் பொருளுக்கேற்ப மாற்றுகிறது. பொதுவான இயந்திரங்களுக்கு 15, ஆனால் சர்க்கரை ஆலையின் உருளைகளுக்கு 40. கரும்பை நசுக்கி நசுக்கித் தேயும் உருளையும் பக்கத்தில் நிற்கும் மோட்டாரும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை என்பதை வரித்துறையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மேலே உள்ள கணக்கு ஏப்ரலில் ஓடிய லாரிக்கானது. கரும்பு அரவையை நம்பி வாங்குபவர் ஆண்டின் பிற்பாதியில் வாங்குவதும் உண்டு. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் வரியில் பாதி விழுக்காடுதான். பில் தேதி இங்கே போதாது. லாரி பயன்பாட்டுக்கு வந்த நாளே கணக்கு. செப்டம்பரில் சேசிஸ் வாங்கி, பாடி கட்டி முடிய நவம்பர் ஆகிவிட்டால் முதல் ஆண்டுக்கு 15 விழுக்காடே கிடைக்கும். அப்போது மார்ச் 31களில் நிற்கும் மதிப்புகள் ரூ. 17,00,000, ரூ. 11,90,000, ரூ. 8,33,000, ரூ. 5,83,100 என்று போகும். கம்பெனி ஏட்டில் இந்தப் பாதிக் கணக்கு இல்லை. பயன்பட்ட காலத்துக்கு ஏற்ற பங்கையே கழிக்க வேண்டும்.

தவறுகள் பெரும்பாலும் இரண்டு முறைகளையும் கலப்பதால் வருகின்றன. இரண்டாம் ஆண்டிலும் 20 லட்சத்துக்கே 30 விழுக்காடு போடுவது ஒன்று. நான்காம் ஆண்டிலேயே மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்க் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் ஒரு லட்சத்தைக் கழித்துவிட்டு 30 விழுக்காடு போடுவது இன்னொன்று; இது எளிதில் கண்ணில் படாது. சரிபார்க்க ஒரு வழி உண்டு: அடுத்தடுத்த இரண்டு ஏட்டு மதிப்புகளைக் கழித்துப் பார்த்தால் நேர்கோட்டில் வித்தியாசம் மாறாது, வகுத்துப் பார்த்தால் குறைந்துசெல் முறையில் விகிதம் மாறாது. நம் லாரிக்கு அது எப்போதும் 0.7.

இனி விற்பனை. நான்கு ஆண்டு ஓட்டிய லாரி ஐந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் ரூ. 8,00,000க்குப் போகிறது என்றால், நேர்கோட்டு ஏட்டில் லாபம் ரூ. 66,667. வரியிலோ ஒரே விழுக்காடு உள்ள ஒத்த சொத்துகளை ஒரே தொகுதியாகப் பார்க்கிறார்கள். தொகுதியில் இருந்தது இந்த ஒரு லாரிதான் என்றால் ரூ. 3,19,800 குறுகிய கால மூலதன ஆதாயமாகும். வேறு லாரியும் இருந்தால் விற்ற தொகை தொகுதியின் மதிப்பில் கழியும். மிஞ்சியதற்கே அந்த ஆண்டுத் தேய்மானம்.

சிறு லாரி உரிமையாளர்கள் பலர் தேய்மானக் கணக்கே எழுதுவதில்லை. வருமான வரிச் சட்டத்தின்படி, பத்து வண்டிக்கு மேற்படாதவர்கள் கனரக வண்டிக்கு மாதம் டன்னுக்கு ரூ. 1,000 வருமானம் என்று காட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அதனால் ஏட்டு மதிப்பு 20 லட்சத்திலேயே நிற்கிறது என்று நினைத்தால் விற்கும்போது சிக்கல் வரும். அந்த ஆண்டுகளிலும் 30 விழுக்காடு கழிக்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது. யாரும் எழுதாவிட்டாலும் நான்கு ஆண்டு முடிவில் அந்த லாரியின் வரி மதிப்பு ரூ. 4,80,200தான்.