கணையும் குண்டும்

1991 வளைகுடா யுத்தத்து டாங்கிகளைப் பற்றிய கட்டுரையொன்றில் எய்யப்படும் யாவும் 'குண்டு' என்றே எழுதப்பட்டிருக்கக் கண்டு வருந்தினேன். குண்டு என்பது உருண்டையானது. அமெரிக்க எம்1ஏ1 டாங்கியின் பீரங்கி வீரன் எதிரே டி-72 டாங்கியைக் கண்டால் எய்ததோ, வெடிமருந்தின்றி வேகத்தாலும் கனத்தாலுமே கவசத்தைத் துளைக்கும் நீண்ட உலோகத் தண்டு; குழலினுள் அதைத் தாங்கி, வெளியேறியதும் கழன்றுவிழும் உறைக்கு, பிரெஞ்சில் மரச்செருப்பைக் குறிக்கும் 'சபோ' என்று பெயர். லாரியில் அது சிறு துளையிட்டு மறுபுறம் போய்விடுமாதலால், அங்கே வெடிக்கும் குண்டே உசிதம். ஆயினும் டாங்கி திடீரென எதிர்ப்படக்கூடுமென்று தண்டையே நிரப்பிவைத்திருந்தால், லாரி வந்தாலும் அதையே முதலில் சுட்டுவிடுவார்கள். அம்பையும், கணையமரம் என்பதில் திரண்ட தண்டையும் உணர்த்தும் 'கணை' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. வெடிப்பதைக் குண்டு என்றும் துளைப்பதைக் கணை என்றும் எழுதுங்கள்.