உப்புத் தண்ணீரும் ஒரு முட்டையும்

நம்மில் எழுபதைத் தாண்டியவர்களுக்கு ‘ஜப்பான் முறை நெல் சாகுபடி’ என்ற பெயர் நினைவிருக்கும். 1953 வாக்கில் நாடு முழுவதும் அதற்குப் பிரசாரம் நடந்தது. மேட்டுப்பாத்தி நாற்றங்கால், வரிசை நடவு, உரம் என்று அதில் பல அம்சங்கள். முதல் அம்சம் விதையை உப்புத் தண்ணீரில் போட்டுத் தேர்ந்தெடுப்பது. மற்றவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உருமாறிவிட்டன. இது மட்டும் அப்படியே இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில், வீடியோ கேசட் ஓடிய நாட்களில், இதற்கு ஒரு பயிற்சிப் படத்தின் வசனம் எழுதும் வேலை எனக்கு வந்தது. அதனால் இதன் வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

1882-இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் விவசாயப் பள்ளி ஆசிரியராக இருந்த யோகோய் டோக்கியோஷி என்பவர் இந்த முறையை வகுத்தார். விஷயம் எளிது. நன்றாகப் பால் பிடித்து முற்றிய நெல் கனமாக இருக்கும். வெறும் தண்ணீரில் பதர் மட்டுமே மிதக்கும்; அரைகுறையாக முற்றிய கருக்காய் நல்ல நெல்லோடு சேர்ந்து மூழ்கிவிடும். தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கனமாக்கினால் அந்தக் கருக்காயும் மேலே வந்துவிடும். அடியில் தங்குவது வயிறு நிறைந்த மணி. அதிலிருந்து வரும் நாற்று தடித்து, ஒரே சீராக வளரும்.

இவ்வளவு நல்ல முறையை ஜப்பானிய அரசு எப்படிப் பரப்பியது தெரியுமா? 1903-இல் பதினான்கு அம்ச உத்தரவு ஒன்று போட்டார்கள். உப்புநீர் விதைத் தேர்வு அதில் ஒன்று. ஊருக்கு ஊர் போலீஸ்காரர் இடுப்பில் வாளோடு வந்து மேற்பார்வை பார்த்தார். செய்யாதவனுக்கு அபராதம். ‘வாள் விவசாயம்’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள் அந்த நாட்டு மக்கள். நம் ஊரில் வாள் எடுக்க முடியாது. படம் காட்டித்தான் நம்ப வைக்க வேண்டும். நாற்பது, ஐம்பது வருஷமாக விதைத்துக்கொண்டிருப்பவர் நம்பும்படி ஏழெட்டு நிமிஷத்தில் காட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

ஒரு அலுவலகத்தில் முன்பே எழுதி வைத்திருந்த வசனத்தை என்னிடம் கொடுத்தார்கள். ‘கரைசலின் அடர்த்தி எண் உரிய அளவை எட்டியதும் விதைகளை இடவும்’ என்று அதில் இருந்தது. அடர்த்தி எண்ணை எந்தக் களத்தில் போய்ப் பார்ப்பது? ஜப்பானிய விவசாயிகளே அளவுமானியை விட்டுவிட்டுக் கோழிமுட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். முட்டை மிதக்க வேண்டும். மிதக்கும்போது ஒரு நாலணா அளவுக்கு ஓடு வெளியே தெரிய வேண்டும். அதுதான் கணக்கு. 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ கல் உப்பு பிடிக்கும். (நாலணாவைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைகளுக்கு இன்று ஒரு ரூபாய் நாணயத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.)

முட்டையை வசனத்தில் சேர்த்ததும் வேலை முடிந்தது என்று படப்பிடிப்புக் குழு நினைத்தது. ஒத்திகையில் ஒரு வேடிக்கை நடந்தது. கடையில் வாங்கி வந்த முட்டை உப்புப் போடுவதற்கு முன்பே மிதந்தது! பழைய முட்டை. நாளாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகும். வெறும் தண்ணீரிலேயே எழும்பி நிற்கும். இப்படி ஒரு முட்டையை நம்பினால் விவசாயி ரெண்டு கை உப்புப் போட்டு நிறுத்திவிடுவார். கருக்காய் அத்தனையும் அடியில் போய் உட்காரும். முறை சரியில்லை என்று அடுத்த வருஷம் விட்டுவிடுவார்.

அதனால் படத்தின் முதல் காட்சியே மாறியது. வெறும் தண்ணீர், அதில் முட்டை, அது அடியில் படுத்துக் கிடக்கிறது. பேச்சே இல்லை. ஐந்தாறு விநாடி அப்படியே காட்டச் சொன்னேன். பிறகு உப்பு. கை கலக்குகிறது. முட்டை ஒரு முனை தூக்கி நிற்கிறது. இன்னும் உப்பு. மெல்ல மேலே வருகிறது. அதன் பிறகுதான் குரல்: ‘நாலணா அளவு தெரியுது பாருங்க. உப்பு போதும்.’ செயல் முன்னால், சொல் பின்னால். இதைத் திருப்பிப் போட்டால், குரல் சொல்வதைக் கேட்பதா, கையைப் பார்ப்பதா என்று பார்ப்பவர் திண்டாடுவார்.

வாளியும் ஒரு பிரச்சினை. கறுப்பு வாளியில் முட்டையும் தெரியாது, மிதக்கும் நெல்லும் தெரியாது. வெளிர்நிற வாளி வேண்டும். கேமரா செய்பவரின் தோளுக்கு மேலிருந்து பார்க்க வேண்டும். எதிரே நின்று எடுத்தால் வலது கை இடது கையாகத் தெரியும்.

நெல்லைக் கொட்டும் இடத்தில் இன்னொரு நுணுக்கம். உலர்ந்த நெல்லின் சுணையில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொள்ளும். நல்ல மணியும் அதனால் மிதக்கும். கையை விட்டு நன்றாகக் கலக்கிவிட்டு, அடங்கிய பிறகு மிதப்பதை அரித்து எடுக்க வேண்டும். ஒரே தடவையில் நிறையக் கொட்டாமல், நாலைந்து கிலோவாகப் போட வேண்டும். ஒவ்வொரு ஈடும் கொஞ்சம் உப்புநீரை எடுத்துக்கொண்டு போகும். அதற்கு ஈடாக வெறும் தண்ணீர் ஊற்றினால் உப்பின் காரம் குறையும். ஆகவே அடுத்த ஈட்டுக்கு முன் முட்டையை மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும்.

படத்தில் இரண்டு பேரைப் பேச வைத்தேன். விதையைச் சேமித்து வைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் என்பதால் செய்பவர் ஒரு பெண். பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறாள்:

‘ஏங்க்கா, உப்புல போட்டா விதை வெந்து போயிடாதா?’

‘உப்போட வெச்சா முளைப்பு கெடத்தான் செய்யும். அதான் எடுத்த கையோட கழுவுறேன்.’

இந்தக் கேள்வியை நாமே எழுப்பாவிட்டால், பார்ப்பவர் மனதுக்குள் அதையே கேட்டுக்கொண்டு மீதிப் படத்தைக் கோட்டை விடுவார். கழுவுவதையும் சுருக்கக் கூடாது. ஒரு தடவை கழுவுவதைக் காட்டிவிட்டு ‘இப்படி மூன்று முறை’ என்று குரலில் சொன்னால், பலர் ஒரே முறை கழுவுவார்கள். கண்ணால் பார்த்ததுதான் கையில் வரும். மூன்று தடவையும் தண்ணீர் மாற்றுவது படத்தில் வந்தது. கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறாள் அந்தப் பெண். கரிக்கவில்லை. அதற்கு வசனமே தேவைப்படவில்லை.

பின்னாளில் வங்கதேசத்தில் நெல் விதை பற்றி எடுத்த படங்களிலும் கிராமத்துப் பெண்களே செய்து காட்டினார்கள். அந்தப் படங்கள் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் போயின. மொழி மாறினாலும் கைகள் செய்வது புரிகிறது அல்லவா?

ஒன்றை மட்டும் வசனத்தில் அழுத்திச் சொல்ல வைத்தேன். மூழ்கியது எல்லாம் முளைக்கும் என்று அர்த்தமில்லை. இரண்டு வருஷம் கிடந்த பழைய விதையும் கனமாகவே இருக்கும், மூழ்கும். வேற்று ரகக் கலப்பும் இதில் பிரியாது. ஆகவே 100 மணியை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, 80-க்குக் குறையாமல் முளைக்கிறதா என்று பார்த்த பிறகே மொத்த விதையையும் ஊறப்போட வேண்டும். இந்தக் காட்சியை எடுக்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமே என்று குழுவினர் முணுமுணுத்தார்கள். காத்திருந்துதான் எடுத்தோம்.

கடைசிக் காட்சியில் அரித்தெடுத்த கருக்காயைக் கழுவிக் கோழிக்குப் போடுகிறாள். மிஞ்சிய உப்புத் தண்ணீரை நாற்றங்கால் பக்கம் கொண்டு போகாமல், செடி கொடி இல்லாத இடமாகப் பார்த்துக் கொட்டுகிறாள்.